−17 மில்லிவோல்ட்

பினாங்கில் ஒரு தனியார் கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்கு உடலியங்கியல் பயிற்சி வகுப்பு எடுத்து வருகிறேன். வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கும். அது முடிந்ததும் தமிழ்ப்பள்ளியில் படித்து வந்த ஐந்தாறு பேர் அறையிலேயே தங்கி, அன்றைய பாடத்தைத் தமிழில் ஒருமுறை கேட்டுவிட்டுத்தான் போவார்கள். நான் திருத்திய ஒரு விடைத்தாளைப் பற்றி நானே மறுபடி யோசிக்க நேர்ந்தது அப்படியொரு மாலையில்தான்.

கணக்கு எளிமையானது. ஒரு நரம்புச் செல்லின் உள்ளே பொட்டாசியம் லிட்டருக்கு 140 மில்லிமோல், வெளியே 4. சோடியம் உள்ளே 14, வெளியே 140. இரண்டின் சமநிலை மின்னழுத்தங்களையும் கண்டுபிடித்து, அவற்றிலிருந்து செல்லின் ஓய்வு மின்னழுத்தம் பற்றி என்ன சொல்லலாம் என்று எழுத வேண்டும். ஒரு மாணவி முதல் இரண்டையும் பிசகில்லாமல் போட்டிருந்தார். மூன்றாவதற்கு, இரண்டு விடைகளையும் கூட்டி இரண்டால் வகுத்து, −17 மில்லிவோல்ட் என்று எழுதியிருந்தார். நான் சிவப்புக் கோடு போட்டு, பக்கத்தில் −70 என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். "சார், சராசரி ஏன் தப்பு?" என்று அவர் கேட்டபோதுதான், பல ஆண்டுகளாக நான் இந்தப் பாடத்தில் அந்த ஏன் என்பதைச் சொல்லாமலே கடந்து வந்திருக்கிறேன் என்பது உறைத்தது.

முதலில் அவர் சரியாகச் செய்த பகுதி. நெர்ன்ஸ்ட் சமன்பாடு இது:

E = (RT/zF) ln([out]/[in])

உடல் வெப்பநிலையான 37 டிகிரி செல்சியஸில், ஒற்றை நேர்மின்னூட்டம் கொண்ட அயனிக்கு, பத்தடிமான மடக்கையில் எழுதினால் இது இன்னும் சுருங்கும்:

E = 61.5 × log10([out]/[in])

பொட்டாசியத்துக்கு 4-ஐ 140-ஆல் வகுத்தால் 1/35 வரும். அதன் மடக்கை −1.544, ஆகவே விடை −95 மில்லிவோல்ட். சோடியத்துக்கு 140-ஐ 14-ஆல் வகுத்தால் 10, அதன் மடக்கை 1, விடை +61.5 மில்லிவோல்ட். இந்த இடத்தில் வழக்கமாக நடக்கும் தவறுகள் மூன்று: கால்குலேட்டரில் log விசைக்குப் பதில் ln விசையை அழுத்துவது, உள்ளையும் வெளியையும் தலைகீழாகப் போடுவது, 61.5-க்குப் பதில் 58 போடுவது. முதல் இரண்டும் விடையைப் பார்த்ததுமே தெரிந்துவிடும். பொட்டாசியத்துக்கு −219 என்றோ +95 என்றோ வந்தால் எங்கே பிசகியது என்று சொல்லிவிடலாம். மூன்றாவது மட்டும் −90 என்று வந்து நல்ல பிள்ளைபோல் நிற்கும். 58 என்பது 20 டிகிரிக்கான எண். குளிர்ந்த கடல்நீரில் வாழும் கணவாயின் நரம்பில் செய்த சோதனைகளோடு சேர்ந்து அது புத்தகங்களுக்குள் வந்தது. நமது உடலுக்கு அது பொருந்தாது.

ஆனால் −95 என்ற எண் எதைக் குறிக்கிறது என்பதில்தான் அந்த மாணவியின் சிக்கல் தொடங்கியது. பொட்டாசியம் செல்லுக்குள் −95 மில்லிவோல்ட்டை உண்டாக்கிக்கொண்டிருக்கிறது, சோடியம் +61.5-ஐ உண்டாக்கிக்கொண்டிருக்கிறது, இரண்டும் ஒரே இடத்தில் இருப்பதால் நடுவில் சந்திக்கும் என்று அவர் எண்ணியிருந்தார். சமநிலை மின்னழுத்தம் என்பது செல்லில் அந்த நேரத்தில் நிலவும் மின்னழுத்தம் அன்று. சவ்வு அந்த ஓர் அயனியை மட்டுமே ஊடுருவ விட்டிருந்தால் எந்த மின்னழுத்தத்தில் அதன் போக்கும் வரவும் சரிக்குச் சரியாகியிருக்கும் என்பதைச் சொல்லும் கற்பனை எல்லை. பொட்டாசியம் மட்டும் கசியும் ஒரு சவ்வை நினைத்துக்கொள்ளுங்கள் என்றேன். உள்ளே செறிவு அதிகம் என்பதால் பொட்டாசியம் வெளியேறும். துணைபோக எதிர்மின் அயனி எதுவும் கூடவே செல்ல முடியாததால் உள்புறம் எதிர்மின்னூட்டம் பெறும். அந்த எதிர்மின்னூட்டம் பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும். செறிவு வெளியே தள்ளுவதும் மின்புலம் உள்ளே இழுப்பதும் சமமாகும் இடம் −95.

பின்வரிசையிலிருந்து ஒருவர், அவ்வளவு பொட்டாசியம் வெளியேறினால் உள்ளே 140 எப்படி 140-ஆகவே இருக்கும் என்று கேட்டார். நியாயமான ஐயம். 20 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள உருண்டைச் செல் ஒன்றைப் பலகையில் வரைந்து கணக்கிட்டோம். சவ்வின் மின்தேக்குதிறன் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 1 மைக்ரோஃபாரட் என்று கொண்டால், பூஜ்யத்திலிருந்து −95 மில்லிவோல்ட்டை எட்ட ஏறத்தாழ 75 இலட்சம் அயனிகள் வெளியேறினால் போதும். அந்தச் செல்லுக்குள் இருக்கும் பொட்டாசியம் அயனிகளோ ஏறத்தாழ 35,000 கோடி. ஏறக்குறைய 47,000-இல் ஒன்று வெளியே போகிறது, அவ்வளவுதான். செறிவு மாறாது என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுவதற்கு நமக்கு இருக்கும் அனுமதி இதுவே.

இனி சராசரிக்கு வருவோம். உண்மைச் செல்லின் சவ்வு இரண்டு அயனிகளையும் விடுகிறது, ஆனால் ஒரே அளவில் விடுவதில்லை. ஓய்வில் திறந்திருக்கும் கால்வாய்களில் பெரும்பாலானவை பொட்டாசியத்துக்கானவை. சோடியம் சிறிதளவே கசியும். பொட்டாசியத்தின் ஊடுருவுதிறனை 1 என்று கொண்டு, சோடியத்தின் ஊடுருவுதிறனை a என்று எழுதினால், கோல்ட்மன் சமன்பாடு இப்படி அமையும்:

V = 61.5 × log10((K_out + a × Na_out)/(K_in + a × Na_in))

குளோரைடை இங்கே விட்டுவிட்டேன். பல செல்களில் அது மின்னழுத்தத்தைத் தீர்மானிப்பதைவிட அதைப் பின்தொடர்ந்து தன் செறிவைச் சரிசெய்துகொள்கிறது என்பதால், இந்தக் கணக்குக்கு அது தடையில்லை.

a-க்கு என்ன மதிப்பு? ஆலன் ஹாட்ஜ்கினும் பெர்னார்ட் காட்ஸும் 1949-இல் கணவாயின், அதாவது நாம் சந்தையில் சோத்தோங் என்று வாங்குவதன், பெரிய நரம்பு இழையை ஆராய்ந்து, ஓய்வில் சோடியத்துக்கு 0.04 என்ற விகிதம் பொருந்துவதாகக் கண்டார்கள். அதைக் கடன்வாங்கி நமது செல்லில் போட்டோம். மேலே 4 + 5.6 = 9.6, கீழே 140 + 0.56 = 140.56, விகிதத்தின் மடக்கை −1.166, விடை −72 மில்லிவோல்ட். சோடியத்தின் ஊடுருவுதிறன் பொட்டாசியத்தினுடையதில் 25-இல் ஒரு பங்குதான். இருந்தும் செல்லின் மின்னழுத்தம் −95-இலிருந்து 23 மில்லிவோல்ட் விலகிவிடுகிறது. வெளியே 140 என்ற பெரிய எண் இருப்பதால் சிறிய கசிவும் கணக்கில் 5.6 ஆகி, பொட்டாசியத்தின் 4-ஐயே மிஞ்சுகிறது. மாணவர்கள் இங்கே சற்று நின்று யோசிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். நானே இதை முதன்முதலாக எழுதிப் பார்த்தபோது கூட்டலைச் சரிபார்த்தேன்.

"அப்படியென்றால் a ஒன்று என்றால் என் சராசரி சரியாகிவிடுமா, சார்?" என்று அந்த மாணவி விடவில்லை. போட்டுப் பார்த்தோம். மேலே 144, கீழே 154, விடை −1.8. சமமாக விட்டாலும் −17 வரவில்லை. ஊடுருவுதிறன் சமமானதும் சவ்வுக்கு இரண்டு அயனிகளும் வேறல்ல. உள்ளே மொத்தம் 154, வெளியே 144 என்ற சிறு வேறுபாடு மட்டுமே மிஞ்சுகிறது. செறிவுகளைக் கூட்டியபின் மடக்கை எடுப்பதும், மடக்கைகளை எடுத்தபின் சராசரி காண்பதும் வெவ்வேறு செயல்கள். என் சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் நான் எழுதியிருக்க வேண்டியது இதைத்தான்.

ஓய்வு மின்னழுத்தம் பொட்டாசியத்தைச் சார்ந்தது என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகும் வழக்கமும் அன்றோடு எனக்கு விட்டுப்போயிற்று. வெளிப்புறப் பொட்டாசியத்தை மாற்றிப் பார்த்தால் அந்த வரி எங்கே நிற்கிறது, எங்கே விழுகிறது என்று தெரியும். வெளியே 40 மில்லிமோல் வைத்தால் நெர்ன்ஸ்ட் −33 என்கிறது, கோல்ட்மன் −30 என்கிறது, ஏறத்தாழ ஒன்றுதான். வெளியே 1 மில்லிமோலாகக் குறைத்தால் நெர்ன்ஸ்ட் −132 என்கிறது, கோல்ட்மன் −82-இல் நின்றுவிடுகிறது. 50 மில்லிவோல்ட் இடைவெளி! பொட்டாசியம் குறையக் குறைய, மாறாத 5.6 என்ற சோடியக் கசிவே மேல்வரிசையை ஆள்கிறது. வரைபடத்தில் நேர்கோடாக இறங்க வேண்டியது வளைந்து படுக்கும். சோதனைகளிலும் அந்த வளைவு தெரிகிறது. ஒன்றை மட்டும் சேர்த்துச் சொன்னேன்: இங்கே a மாறாது என்று கொண்டோம், உண்மையில் பல பொட்டாசியக் கால்வாய்களின் கடத்துதிறன் வெளிப்புறப் பொட்டாசியத்தைப் பொறுத்தே கூடிக் குறையும். ஆகையால் மிகக் குறைந்த செறிவில் இந்த எண்களை அப்படியே நம்பிவிடக் கூடாது.

−72 இந்த இரண்டு அயனிகளில் எதற்கும் சமநிலை அன்று என்பதும் இதிலிருந்து தானாகவே வருகிறது. பொட்டாசியம் 23 மில்லிவோல்ட் உந்துதலில் வெளியே கசிகிறது; சோடியம் 133 மில்லிவோல்ட்டுக்கு மேற்பட்ட உந்துதலில் உள்ளே கசிகிறது. மூன்று சோடியத்தை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே எடுக்கும் பம்பு ஓடாவிட்டால், செறிவு வேறுபாடு மெல்ல மெல்லக் கரைந்துவிடும். பம்புதான் −72-ஐ நேரடியாக உண்டாக்குகிறது என்று எழுதும் மாணவர்கள் ஆண்டுதோறும் உண்டு. அதன் நேரடிப் பங்கு சில மில்லிவோல்ட்டே. அதன் பெரிய வேலை 140-ஐ 140-ஆகவும் 14-ஐ 14-ஆகவும் வைத்திருப்பது.

அடுத்த வாரம் அந்த மாணவி தன் விடைத்தாளையே திருப்பிக் கொண்டுவந்தார். −17 வர வேண்டுமானால் a எவ்வளவு இருக்க வேண்டும் என்று பின்னோக்கிக் கணக்கிட்டிருந்தார்: 0.53. மேலே 4 + 74.2, கீழே 140 + 7.4, நானும் போட்டுப் பார்த்தேன், சரியாகவே வந்தது. ஓய்வில் 0.04 இருக்கும் செல்லுக்கு 0.53 எப்போது வரும் என்பது அவருடைய அடுத்த கேள்வி. செயல் மின்னழுத்தம் எழும்போது சோடியக் கால்வாய்கள் திறந்து, a ஒன்றையும் தாண்டிப் பல மடங்கு மேலே போகும். போகும் வழியில் ஒரு கணம் 0.53-ஐயும் கடக்கும் என்றேன். தாளை வாங்கி, −17-க்குப் பக்கத்தில் "ஓய்வில் அன்று, எழுச்சியில்" என்று தமிழிலேயே எழுதி வைத்துக்கொண்டார்.