கிளினிக் மென்பொருளுக்கு மாதாந்திரக் கொட்டேஷன் எழுதும்போது

இரண்டு டாக்டர்கள், ஒரு ரிசப்ஷன், உள்ளேயே ஒரு மருந்துக் கடை. இந்த அளவுள்ள கிளினிக்கின் பராமரிப்பு ஒப்பந்தத்துக்கு ஒரு பக்கச் சுருக்கம் போதும். டாக்டர் படிக்கப்போவதும் அந்த ஒரு பக்கத்தைத்தான். அதில் தொகைக்கு முன்னால் நேரத்தை எழுத வேண்டும். பழைய ஒப்பந்தத்திலிருந்து 'காலை 10 முதல் மாலை 6 வரை' என்று அப்படியே எடுத்துப் போட்டால், கூட்டம் சேர்கிற மாலை 6 மணிக்குமேல் போன் எடுக்க ஆள் இருக்காது. டோக்கனோ பில்லோ நின்றால் இரவு 9 மணி வரை அரை மணிக்குள் பதில், மற்றதெல்லாம் மறுநாள் என்று பிரித்து எழுதினால் இரு தரப்புக்கும் நிம்மதி.

தொகை உதாரணமாக இப்படி வரும்: மாதம் 6 மணி நேர வேலை, மணிக்கு ரூ.900 வீதம் ரூ.5,400. சர்வர், பேக்கப் இடத்துக்கு ரூ.1,800. ஆக ரூ.7,200. 18% ஜி.எஸ்.டி. ரூ.1,296 சேர்த்து ரூ.8,496. டாக்டரின் கட்டணத்துக்கு ஜி.எஸ்.டி. இல்லை என்பதால், கட்டிய வரியைப் பெரும்பாலும் அவரால் வரவு வைக்க முடியாது. அவருக்குச் செலவு 8,496 தான். அந்த எண்ணையே மேலே போடுங்கள். எஸ்.எம்.எஸ். செலவு தனி, ஆனபடி.

சண்டை வருவது 'இது பிழையா, புது வேலையா' என்பதில். 2025 செப்டம்பர் 22 அன்று பெரும்பாலான மருந்துகளுக்கு வரி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. புது விகிதத்தை ஏற்றுவது அரசு மாற்றம். அது 6 மணி நேரத்துக்குள் அடங்கும் என்று முன்பே எழுதிவிடலாம். ஆனால் ஆகஸ்ட் பில்லை மறுபடி அச்சடித்தால் அதிலும் 5% வருகிறதென்றால், அது பிழை. பில்லில் ஒவ்வொரு மருந்தின் பதிவோடும் வரி விகிதத்தைச் சேமிக்காமல், மருந்துப் பட்டியலிலிருந்து அச்சடிக்கும்போது எடுப்பதால் வருவது. மென்பொருளை எழுதியவர் செலவில்தான் திருத்த வேண்டும், நேரக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

ஒப்பந்தத்தில் 'தினசரி பேக்கப்' என்ற வாசகமும் ஏமாற்றும். தினமும் ஓடும் கட்டளை இப்படி இருக்கிறது என்று வையுங்கள்:

```
pg_dump -Fc clinic > /backup/clinic.dump
```

இதில் `>` முதலில் கோப்பைக் காலி செய்துவிடும். பிறகு `pg_dump` தோற்றால் மிஞ்சுவது 0 பைட். பெயரும் தினம் ஒன்றே என்பதால் நேற்றைய நல்ல பிரதியும் போயிருக்கும். கோப்புப் பெயரில் தேதி சேர்த்தால் பழையது தப்பும். அதோடு மாதம் ஒருமுறை வேறொரு டேட்டாபேஸில் `pg_restore` செய்து, முந்தைய நாளின் பில் எண்ணிக்கையை ரிசப்ஷன் நோட்டோடு ஒப்பிட வேண்டும். இதற்கு ஒரு மணி நேரம் ஆகும். அந்த 6 மணி நேரத்தில் இந்த ஒரு மணி நேரத்தைத் தனி வரியாகக் காட்டுங்கள். காட்டாவிட்டால் வேலை நெருக்கும் மாதத்தில் முதலில் விடுபடுவது அதுதான்.