ஒரு நாழி உள்ளி

டொராண்டோவில் இருக்கும் ஒரு பெண், தன் பாட்டியின் சமையல் நோட்டிலிருந்து 2 பக்கங்களைப் படமெடுத்து அனுப்பியிருந்தார். பாட்டிக்கு நாகர்கோவில் பக்கம். பேத்திக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. குடும்பத்துக்குள் ஒரு சிறு புத்தகம் போடுவதற்காக ஆங்கிலத்தில் வேண்டும் என்றார். பக்கத்தின் தலைப்பு 'உள்ளித் தீயல்'. ஒன்றரைப் பக்க வேலைதானே, ஒரு மாலையில் முடித்துவிடலாம் என்று எடுத்துக்கொண்டேன். முடிக்கப் பத்து நாள் ஆனது.

முதல் சிக்கல் படத்திலேயே இருந்தது. இரவில் ஃபிளாஷ் போட்டு எடுத்த படம். எண்ணெய் பட்டிருந்த இடங்களில் காகிதம் கண்ணாடி போலாகி, பின்பக்க எழுத்தும் முன்னால் தெரிந்தது. இரண்டு பக்கத்து மையும் கலந்துவிட்டால் புள்ளி எது, பின்பக்கத்துச் சுழி எது என்று சொல்ல முடியாது. பகல் வெளிச்சத்தில் ஜன்னலோரம் வைத்து, தாளுக்கு அடியில் ஒரு கறுப்பு அட்டையைச் செருகி, நேர் மேலிருந்து எடுக்கச் சொன்னேன். கறுப்பு அட்டை இருந்தால் பின்பக்க எழுத்து அமுங்கிவிடும். அடுத்த படத்தில் பாதிச் சந்தேகம் தீர்ந்தது.

மீதிப் பாதிக்கு நான் எப்போதும் செய்வதையே செய்தேன். பக்கத்தில் ஐயமே இல்லாத ஒரு சொல்லைப் பிடித்துக்கொள்வேன். சமையல் குறிப்பில் அது பெரும்பாலும் கறிவேப்பிலையாக இருக்கும். அந்த ஒரு சொல்லில் அவர் க எழுதுவது, றி எழுதுவது, வே எழுதுவது எல்லாம் கிடைத்துவிடும். அதை அச்சாக வைத்துக்கொண்டு மற்ற சொற்களுக்குப் போக வேண்டும். பாட்டியின் கையெழுத்தில் லை, ணை இரண்டும் 1978-க்கு முந்தைய வடிவம், யானைத் துதிக்கை போட்டது. 'எண்ணை' என்று அவர் எழுதியிருந்ததைப் பேத்தி ஏதோ கிரந்த எழுத்து என்று நினைத்திருந்தார். 'தேங்காய் 1 முறி' என்ற வரியை நான் முதலில் 'மூடி' என்று படித்தேன். அங்கே முறி என்றாலும் எங்கள் ஊரில் மூடி என்றாலும் அரைத் தேங்காய்தான். அதனால் அந்தப் பிழை யாரையும் கெடுத்திருக்காது.

உள்ளி அப்படியில்லை. நான் மதுரைக்காரி. எங்கள் வீட்டில் வெங்காயம், பூண்டு என்றுதான் சொல்வோம். யாழ்ப்பாணத்தில் உள்ளி என்றால் பூண்டு. கன்னியாகுமரியில் உள்ளி என்றால் சின்ன வெங்காயம். அகராதியைத் திறந்தால் இரண்டு பொருளும் இருக்கும், எந்த ஊரில் எது என்பதை அது தீர்த்து வைக்காது. பாட்டியின் ஊர் தெரிந்திருந்ததால் சின்ன வெங்காயம் என்று எடுத்துக்கொண்டேன். ஆனாலும் ஊரை மட்டும் நம்பி எழுத எனக்கு மனம் வரவில்லை. பக்கத்துக்குள்ளேயே சாட்சி வேண்டும். கீழே நாலாவது வரியில் அது கிடைத்தது: 'பூண்டு 4 பல்'. ஒரே குறிப்பில் பூண்டுக்குத் தனி வரி இருக்கும்போது உள்ளி பூண்டாக இருக்க முடியாது.

உள்ளி இருந்த வரியிலேயே அளவும் இருந்தது. 'உள்ளி 1 நாழி, தொலித்தது.' தொலித்தது என்றால் தோல் உரித்தது. நாழிதான் என்னை உட்கார வைத்தது. நாம் பள்ளியில் கேட்ட பழைய வாய்பாட்டில் 2 ஆழாக்கு ஒரு உழக்கு, 2 உழக்கு ஒரு உரி, 2 உரி ஒரு நாழி. அதாவது நாழியும் படியும் ஒன்று, ஏறக்குறைய 1.3 லிட்டர். அதை அப்படியே எழுதி, ஐந்தரைக் கோப்பை சின்ன வெங்காயம் என்று போட்டேன். பிறகு முழுக் குறிப்பையும் மறுபடி வாசித்தபோது கை நின்றது. ஒரு மூடித் தேங்காய், 6 வத்தல், நெல்லிக்காய் அளவு புளி. இவற்றோடு ஐந்தரைக் கோப்பை வெங்காயம் சேர்ந்தால் அது குழம்பாக வராது, வெங்காய வதக்கலாகத்தான் வரும்.

ஒரு அளவு மட்டும் துருத்திக்கொண்டு நின்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது எழுதியவரை அல்ல, நம்முடைய மாற்றுக் கணக்கை. நாகர்கோவில் 1949 வரை திருவிதாங்கூர், அப்புறம் 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சி. அந்தப் பக்கத்து வழக்கில் 4 நாழி சேர்ந்தது ஓர் இடங்கழி. அவர்களுடைய நாழி நம் படியில் கால் பங்கை ஒட்டியது. பெயர் ஒன்று, பாத்திரம் வேறு.

சரி, எத்தனை மில்லி என்று எழுதுவது? பேத்தியின் பெரியம்மா இன்னும் நாகர்கோவிலில்தான் இருக்கிறார் என்று தெரிந்ததும் அவரோடு வீடியோ அழைப்பில் பேசினேன். அம்மாவின் நாழி பரணில் இருந்தது. பித்தளை, விளிம்பில் ஒரு நசுங்கல். அதில் தண்ணீரை விளிம்பு வரை ஊற்றி, பேரப் பிள்ளையின் பால் புட்டியில் கவிழ்த்து அளந்தார். புட்டி 240 வரை ஒரு தடவை நிறைந்தது, அதைக் கொட்டிவிட்டு மீதியை ஊற்றினால் 70. ஆக 310 மில்லி. "அம்மா உள்ளிய தலை தட்ட மாட்டா மக்களே, குவிச்சுத்தான் அளப்பா" என்றார். அரிசிக்குத் தலை தட்டுவது, உள்ளிக்குக் குவிப்பது என்பதை எந்த வாய்பாடும் சொல்லாது. நான் கடையில் சின்ன வெங்காயம் வாங்கி உரித்து, 310 மில்லிக்குக் கோடு போட்ட டப்பாவில் குவித்து நிறுத்துப் பார்த்தேன். 200 கிராமுக்குக் கொஞ்சம் மேலே வந்தது. ஒரு மூடித் தேங்காய்க்கு அது சரியாகப் பொருந்தியது. மொழிபெயர்ப்பில் 200 கிராம் என்று எழுதி, நாழி என்ற சொல்லையும் ஒலிபெயர்ப்பாக விட்டு, அடிக்குறிப்பில் அந்த வீட்டு நாழியின் அளவைச் சொன்னேன். வேறொரு வீட்டு நாழி வேறு அளவாக இருக்கலாம் என்பதையும் சேர்த்தேன்.

பெரிய வெங்காயம் போடலாமா என்று பேத்தி கேட்டிருந்ததையும் பெரியம்மாவிடம் கேட்டேன். "பல்லாரியா? இனிச்சுப் போவும். உள்ளிதான் வேணும்." இதையும் குறிப்பில் எழுதினேன். டொராண்டோவில் கடைக்குப் போகிறவருக்கு அது தெரிந்தாக வேண்டும்.

புளிக்கு நெல்லிக்காய் அளவு. இதற்கு ஆங்கிலச் சொல் கையிலேயே இருக்கிறது, கூஸ்பெரி. கனடாக்காரர் மனதில் அந்தச் சொல் எழுப்புவது திராட்சை அளவில் ஒரு பச்சைப் பழத்தை. நம் பெருநெல்லியில் பாதிகூட வராது. உருண்டைக்குப் பதில் எடையைக் கொடுத்தேன், 15 கிராம்.

அளவுகளில் இவ்வளவு கவனமாக இருந்த நான் தவறியது வினைச்சொல்லில். பாட்டி எழுதியிருந்தது இது: 'தேங்காயைச் சிவக்க வறுத்து, வத்தல், மல்லி, நல்லமிளகு சேர்த்து இறக்கி, மை போல அரைக்கவும்.' வறுப்பதற்கு ரோஸ்ட் என்று மட்டும் போட்டால் அங்கே அடுப்புப் பெட்டியைத் திறப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். அதனால் அடிகனமான வாணலியில், சிறுதீயில், கைவிடாமல் கிளறி என்று விரித்து எழுதினேன். ஆனால் 'சிவக்க' என்ற இடத்தில் என் கை தானாகவே ஆங்கிலச் சமையல் புத்தகங்களின் பழகிய தொடரை எழுதிவிட்டது. பொன்னிறமாக. எத்தனையோ குறிப்புகளில் எழுதி எழுதிப் பழகிய சொல்.

பேத்தி அந்த வரைவை வைத்துச் சமைத்துவிட்டுப் படம் அனுப்பினார். கிண்ணத்தில் வெளிர் மஞ்சளாக ஒரு தேங்காய்க் குழம்பு. "நல்லாத்தான் இருக்கு அக்கா, ஆனா பாட்டி வச்சது கறுப்பா இருக்கும், கொஞ்சம் கசக்கும்" என்று எழுதியிருந்தார். படத்தைப் பார்த்ததுமே எங்கே தவறினேன் என்று புரிந்தது, வருத்தமாகவும் இருந்தது. அந்தக் குழம்புக்குப் பெயரே தீயல். தீய்வதிலிருந்து வந்த பெயர். தலைப்பை எழுத்தெழுத்தாகப் படித்த நான், அதன் பொருளைக் கீழே உள்ள வரிக்குக் கொண்டுபோகவில்லை.

மறுநாள் நானே ஒரு மூடித் தேங்காயைத் துருவி அடுப்பில் வைத்தேன். முதலில் ஈரம் வற்றும், துருவல் உதிரியாகும். அப்புறம் ஓரங்கள் பொன்னிறமாகும், நல்ல வாசம் வரும். என் வரைவு அங்கேயே நின்றுவிட்டிருந்தது. அதற்கு மேலும் கிளறினால் செங்கல் நிறம், அதையும் தாண்டி வறுத்த காப்பிக்கொட்டையின் நிறம். தேங்காயின் எண்ணெய் வெளியே வந்து துருவல் மினுமினுக்கும். என் அடுப்பில் இதற்குப் பதினைந்து நிமிடம் ஆனது. கடைசி ஒரு நிமிடத்தில்தான் ஆபத்து. வாணலியின் சூடே போதும், அடுப்பை அணைத்த பிறகும் நிறம் ஏறும். அதனால்தான் பாட்டி 'சேர்த்து இறக்கி' என்று எழுதியிருக்கிறார். மசாலாவைக் கடைசியில் போட்டு, அந்தச் சூட்டிலேயே வறுபட விட்டு, உடனே தட்டில் கொட்டிவிட வேண்டும். 'இறக்கி' என்பதை முதல் வரைவில் ஒரு சாதாரண இணைப்புச் சொல்லாக நினைத்து விட்டுவிட்டிருந்தேன். அது தனியாக ஒரு வேலை, அதற்குத் தனியாக ஒரு வாக்கியம் வேண்டும். திருத்திய வடிவில் நிறத்துக்குக் காப்பிக்கொட்டையைச் சொன்னேன். பொன்னிறத்தில் நிறுத்த வேண்டாம் என்றும் வெளிப்படையாகவே எழுதினேன்.

உப்பு பற்றி நோட்டில் ஒரு வார்த்தையும் இல்லை. மஞ்சளும் இல்லை. பேத்தி இரண்டையும் சேர்த்துவிடச் சொன்னார். உப்பை மட்டும், என் சேர்க்கை என்று தெரியும்படி சதுர அடைப்புக்குள் போட்டேன். உப்பை யாரும் மறக்கப்போவதில்லை என்று பாட்டி அதை எழுதாமல் விட்டிருப்பார். மஞ்சளை அவர் வேண்டாமென்றே விட்டிருக்கலாம். அதை நான் நிரப்பினால் அது அவருடைய குறிப்பாக இருக்காது.

பக்கத்தின் வலது ஓரத்தில், வேறு மையில், சரிந்த எழுத்தில் ஒரு வரி இருந்தது. முதல் படத்தில் அது வெட்டுப்பட்டுப் போயிருந்தது. இரண்டாம் படத்தில் படிக்க முடிந்தது: 'பிள்ளையளுக்கு வத்தல் 3 போதும்.' பெரியம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். "அந்தப் பிள்ளைய நாங்கதான்" என்றார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு நாழியைத் துணியில் சுற்றி மேலே வைத்துவிட்டு வந்து, வேறு ஏதும் கேட்க வேண்டுமா மக்களே என்றார்.

அந்த வரியை மசாலாப் பட்டியலில் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை. பாட்டி எழுதிய இடத்திலேயே, வலது ஓரத்தில், சாய்வெழுத்தில் வைத்து அனுப்பினேன்.