மெஸ் பில் என்று எழுதலாமா?

எங்கள் கல்லூரி மாணவர்களின் உதவித்தொகைக்குப் பணம் தரும் முன்னாள் மாணவர்களுக்கு, வரிச்சலுகைக்கான 80ஜி ரசீதும் 10பிஈ சான்றிதழும் போய்விட்டால் கணக்கு முடிந்தது. ஆனால் பணம் எதற்கு உதவியது என்று தனியாக ஒரு கடிதம் எழுத வேண்டும் என்பது என் பிடிவாதம். அந்தக் கடிதத்தால் வந்த பேச்சுதான் இன்னும் மனசுக்குள் ஓடுகிறது.

"சார், ஃபீஸ் கட்டினோம்னு நினைச்சோம். சாப்பாட்டுக்கா போச்சு?" என்று கேட்டார் பணம் தந்த ஒரு பேட்சின் ஒருங்கிணைப்பாளர். கோபமாகக் கேட்கவில்லை. சந்திப்பில் எல்லோர் முன்னாலும் வாசிக்க வேண்டிய கடிதம். 'நான்கு பேரைப் படிக்க வைத்தோம்' என்ற ஒரு வரியை அவர் எதிர்பார்த்திருந்தார்.

அந்த நான்கு பேரும் குடும்பத்தில் முதல் பட்டதாரிகள். கலந்தாய்வில் வந்தவர்கள் என்பதால் கல்விக் கட்டணம் அரசு சலுகையிலேயே போய்விடுகிறது. விடுதியும் மெஸ்ஸும் அதில் வராது. தொடர்ந்து சில நாள் ஊருக்குப் போவதாக எழுதிக் கொடுத்தால் மெஸ் பில்லில் கழிவு உண்டு. அதற்காகவே நால்வரில் ஒரு மாணவி மாதாமாதம் ஊருக்குப் போய்வந்தாள். மெஸ் ரிடக்‌ஷன் நோட்டையும் வகுப்பு வருகைப் பதிவேட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அதே தேதிகள். தேர்வெழுத 75 சதவீத வருகை வேண்டும். அவள் அதற்கும் கீழே இறங்கிக்கொண்டிருந்தாள். உதவித்தொகை வந்த செமஸ்டரில் ரிடக்‌ஷன் நோட்டில் அவள் பெயரே இல்லை. ஹால் டிக்கெட்டும் தடையில்லாமல் கிடைத்தது.

இதைத்தான் கடிதத்தில் எழுதினேன், பெயரும் படமும் இல்லாமல். "வேண்டாம் சார், அப்பா சங்கடப்படுவார்" என்று அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒருங்கிணைப்பாளருக்கும் இதையே விளக்கினேன். "புரியுது சார், ஆனா வாசிக்க நல்லா இருக்காது" என்றார்.

அடுத்த ஆண்டு பணம் வந்தது, 'கல்விக் கட்டணத்துக்கு மட்டும்' என்ற நிபந்தனையோடு. முதல் பட்டதாரிகளுக்கு அதைக் கொடுக்க வழியில்லை. கட்டணச் சலுகை இல்லாத மூவருக்குப் போனது. அவர்களுக்கும் தேவை இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் மெஸ் பாக்கியோடு நின்றவர்களுக்கு வேறு இடம் தேட வேண்டியிருந்தது.

'படிப்புச் செலவு' என்று பொதுவாக எழுதியிருந்தால் இந்த நிபந்தனை வந்திருக்காதோ? அது பொய்யுமில்லை. ஆனால் பணம் கொடுத்தவருக்கு அது போன இடம் தெரிய வேண்டாமா? தெரிந்ததால்தானே நிபந்தனை போட்டார் என்று உடனே இன்னொரு எண்ணமும் வருகிறது. சில நாள் இந்தப் பக்கம், சில நாள் அந்தப் பக்கம்.

இந்த ஆண்டுக் கடிதத்தில் வருகைப் பதிவை முதலில் எழுதி, மெஸ் பில்லை அடுத்த பத்தியில் வைத்திருக்கிறேன். வரிசையை மாற்றியது சரிதானா என்பதும் பிடிபடவில்லை. மெஸ் என்ற சொல்லை மட்டும் எடுக்கவில்லை.