ஆயுதப் போட்டியும் அணு ஆயுதத் தடுப்பாற்றலும்: ஒரு தாளில் போட்டுப் பார்க்கும் கணக்கு

பனிப்போர்ப் பாடத்திலிருந்து ஆயுதப் போட்டியையும் அணு ஆயுதத் தடுப்பாற்றலையும் விளக்கச் சொல்லும் கேள்வி வந்தால் பெரும்பாலான விடைத்தாள்கள் ஒரே மாதிரிதான் இருக்கும். 1945 ஹிரோஷிமா, 1949 சோவியத் சோதனை, 1962 கியூபா, 1972 சால்ட் ஆயுதக் கட்டுப்பாட்டு ஒப்பந்தம் என்று ஆண்டுகள் வரிசைகட்டி நிற்கும். எதிரியின் எல்லா நகரங்களையும் அழிக்கப் போதுமான குண்டு கைக்கு வந்த பிறகும் அமெரிக்காவும் சோவியத் யூனியனும் ஏன் நிறுத்தவில்லை என்பதற்கு மட்டும் பதில் இருக்காது. முதலில் அந்தக் கேள்விக்கு விடை தேடுங்கள். ஆண்டுகளை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

தொடக்கத்திலேயே ஒரு சொல் சிக்கலைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். தமிழில் 'தடுப்பு' என்பது இரண்டு வேலைகளைக் குறிக்கிறது. கதவில் தொங்கும் பூட்டும் திருடனைத் தடுக்கிறது. 'நாய்கள் ஜாக்கிரதை' பலகையும் தடுக்கிறது. பூட்டு அவனை உள்ளே வர முடியாமல் செய்கிறது. பலகை அவனுக்கு வர மனமில்லாமல் செய்கிறது. அணு ஆயுதத் தடுப்பாற்றல் என்பது பலகை வகை. பறந்து வரும் ஏவுகணையை வானிலேயே சுட்டு வீழ்த்துவது பூட்டு வகை. அதை இங்கே 'இடைமறிப்பு' என்று தனியாக அழைப்போம். இந்த இரண்டையும் 'ஏவுகணைத் தடுப்பு' என்று ஒரே சொல்லால் எழுதிவிட்டுப் பாதியில் குழம்பி நிற்கும் விடைகள் நிறைய உண்டு.

வரையறையை ஒரே வாக்கியத்தில் எழுதலாம். 'நீ முதலில் அடித்தாலும் அதைத் தாங்கிக்கொண்டு திருப்பி அடிப்பேன், அந்த அடியை உன்னால் தாங்க முடியாது' என்று எதிரியை நம்பவைத்து, அவன் முதல் அடியையே அடிக்காமல் பார்த்துக்கொள்வது. இதில் 'தாங்கிக்கொண்டு' என்ற சொல்தான் முக்கியம். ஒரு நாட்டிடம் எத்தனை குண்டு இருக்கிறது என்பதைவிட, அடி வாங்கிய பிறகு எத்தனை மிஞ்சும் என்பதுதான் கணக்கு. மிஞ்சியதை வைத்துத் திருப்பி அடிக்கும் திறனுக்கு இரண்டாம் தாக்குதல் திறன் என்று பெயர்.

இனி ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். அ, ஆ என்று இரண்டு நாடுகள். ஒவ்வொன்றிடமும் 100 ஏவுகணைகள், ஒவ்வொன்றும் நிலத்தடிக் கான்கிரீட் குழிக்குள். ஒரு ஏவுகணையின் தலையில் ஒரே ஒரு குண்டு. குழியைக் குறிவைத்துப் போடும் குண்டு 100-க்கு 80 தடவை அதை அழிக்கும் என்று வைத்துக்கொள்வோம். (எண்கள் கணக்குக்காக எடுத்தவை.)

அ முந்திக்கொண்டு தன் 100 ஏவுகணைகளையும் ஆ-வின் 100 குழிகள் மேல் ஏவுகிறது. 80 குழிகள் அழிகின்றன, 20 மிஞ்சுகின்றன. இப்போது அ-விடம் ஒன்றும் இல்லை, ஆ-விடம் 20 குண்டுகள் இருக்கின்றன. 20 பெருநகரங்களை இழக்க எந்த அரசும் தயாராக இருக்காது. ஆகவே அ தொடங்காது. அதே காரணத்தால் ஆ-வும் தொடங்காது. இந்த நிலைக்குத்தான் தடுப்பாற்றல் நிலைத்திருக்கிறது என்று பெயர்.

இப்போது ஒரே ஒரு மாற்றம். குழிகளின் எண்ணிக்கை அதே 100. ஆனால் ஒவ்வொரு ஏவுகணையின் தலையிலும், தனித்தனி இலக்குக்குப் போகக்கூடிய 3 குண்டுகள். அ இப்போது ஒரு குழிக்கு 2 குண்டு வீதம் 200 குண்டுகள் போட்டால் போதும். அதற்கு 67 ஏவுகணைகள் ஆகும். ஒரு குழி இரண்டு குண்டுக்கும் தப்ப வேண்டுமானால் 0.2 × 0.2 = 0.04, அதாவது 100-க்கு 4. ஆ-விடம் மிஞ்சுவது 4 ஏவுகணைகள், 12 குண்டுகள். அ-விடம் இன்னும் 33 ஏவுகணைகள், 99 குண்டுகள் கையிருப்பு. முதல் கணக்கில் முந்தியவன் வெறுங்கையோடு நின்றான். இதில் முந்தியவனுக்கு லாபம். பதற்றமான ஒரு வாரத்தில் 'அவன் முந்துவதற்குள் நாம் முந்தலாமா' என்று இருவருமே யோசிக்கத் தொடங்குவார்கள். இத்தனைக்கும் இரு தரப்பிலும் ஏவுகணை எண்ணிக்கை கொஞ்சமும் ஏறவில்லை. ஆயுதப் போட்டி என்றால் எண்ணிக்கை ஏறுவது மட்டும்தான் என்று எழுதுபவர்கள் கவனிக்காமல் விடுவது இதைத்தான்.

இது வரலாற்றில் அப்படியே நடந்தது. 1972 மே 26 அன்று மாஸ்கோவில் அமெரிக்க அதிபர் நிக்ஸனும் சோவியத் தலைவர் பிரெஷ்னெவும் கையெழுத்திட்ட சால்ட்-1 இடைக்கால ஒப்பந்தம் ஏவும் சாதனங்களின் எண்ணிக்கையைத்தான் உறையவைத்தது. அமெரிக்காவின் கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணைகள் 1,054 என்று நின்றன. ஒரு ஏவுகணையில் எத்தனை குண்டு ஏற்றலாம் என்பதற்கு அதில் வரம்பே இல்லை. அமெரிக்கா 1970-லேயே 3 குண்டு ஏந்தும் மினிட்மேன்-3 ஏவுகணைகளைக் குழிகளில் இறக்கத் தொடங்கியிருந்தது. அவை 550 ஆனபோது அந்தக் குழிகளில் மட்டும் 1,650 குண்டுகள். ஒப்பந்தத்தில் ஒரு வரியும் மீறப்படவில்லை.

சோவியத் யூனியன் சில ஆண்டுகள் பின்தங்கி வந்தாலும் பெரிதாக வந்தது. மேற்கு நாடுகள் எஸ்.எஸ்.-18 என்று அழைத்த அதன் கனரக ஏவுகணை 10 குண்டுகள் வரை சுமக்கும். அதற்கு 308 குழிகள். எல்லாவற்றிலும் பத்துப் பத்து ஏற்றினால் 3,080. அமெரிக்காவின் 1,054 குழிகளுக்கு இரண்டு வீதம் போட 2,108 போதும். 1970-களின் பிற்பகுதியில் வாஷிங்டனில் எழுந்த 'நம் குழிகள் பாதுகாப்பாக இல்லை' என்ற கூச்சலுக்கு அடிப்படை இந்த எளிய பெருக்கல்தான். அதற்குப் பதிலாக வந்த அமெரிக்காவின் எம்.எக்ஸ். ஏவுகணையும் 10 குண்டுகள் சுமந்தது. ஒருவர் பயத்தில் செய்தது அடுத்தவருக்குப் பயமாகிறது. ஆயுதப் போட்டியின் இயக்கம் இதுதான். பாடநூல்கள் இதைப் பாதுகாப்புச் சங்கடம் என்கின்றன.

அந்தக் கூச்சல் முழு உண்மையும் அல்ல, ஏனென்றால் கணக்கில் கடல் விடுபட்டிருந்தது. 1960 நவம்பரில் ஜார்ஜ் வாஷிங்டன் என்ற அமெரிக்க அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல் 16 போலாரிஸ் ஏவுகணைகளோடு முதல் ரோந்துக்குப் போனது. நம் தாளிலும் ஆ-வுக்கு இப்படி 2 கப்பல்களைக் கொடுங்கள். அ என்ன செய்தாலும் கடலுக்கடியில் 32 ஏவுகணைகள் மிஞ்சும். அவை எங்கே இருக்கின்றன என்றே தெரியாததால் குறிவைக்க முடியாது. 3 குண்டு வித்தை பலிக்காமல் போகிறது. நகரங்களை அழிக்கக் காத்திருக்கும் ஒரு கப்பலை 'நிலைத்தன்மை தரும் ஆயுதம்' என்று எழுதுவது கொடூரமாகத்தான் தோன்றும். ஆனாலும் தடுப்பாற்றலின் தர்க்கப்படி அதுதான் சரியான விடை.

தொடக்க நிலை மாணவர்களை அதிகம் திணறடிப்பது இதற்கு அடுத்த கேள்வி. இடைமறிப்பு ஏவுகணை யாரையும் கொல்வதில்லை, தற்காப்புதானே, அதற்கு ஏன் ஒப்பந்தம் போட்டுத் தடை விதித்தார்கள்? 1967 ஜூனில் நியூ ஜெர்சி மாநிலத்தின் கிளாஸ்பரோ நகரில் அமெரிக்கப் பாதுகாப்புச் செயலர் மெக்நமாரா இதை விளக்கப் போனபோது, சோவியத் பிரதமர் கோசிகினுக்கும் இதே கேள்விதான். தற்காப்பு அறம், தாக்குதல்தான் அறமற்றது என்று கோபப்பட்டார்.

பதில் முதல் கணக்கிலேயே இருக்கிறது. அ-விடம் 20 ஏவுகணைகளைச் சுட்டு வீழ்த்தும் கேடயம் இருக்கிறது என்று வையுங்கள். ஆ முழு பலத்தோடு 100 ஏவினால் அந்தக் கேடயத்தால் பெரிய பயனில்லை. ஆனால் அ முதலில் அடித்து, ஆ-விடம் 20 மட்டும் மிஞ்சியிருந்தால்? அந்த 20-ஐயும் கேடயம் பிடித்துவிடும். ஆகவே அரைகுறைக் கேடயம் என்பது முதலில் அடிப்பவனுக்குத்தான் உதவும். கேடயம் கட்டுபவன் அடிக்கத் தயாராகிறான் என்று எதிரி நினைப்பான். கேடயத்தை நிரப்பி வழியும் அளவுக்குக் குண்டு செய்வான். ஐந்து ஆண்டுகளில் மாஸ்கோவும் இதை ஏற்றது. சால்ட்-1 கையெழுத்தான அதே நாளில் இடைமறிப்பு ஏவுகணைகளைக் கட்டுப்படுத்தும் ஏ.பி.எம். ஒப்பந்தமும் கையெழுத்தானது: ஆளுக்கு இரண்டு இடங்கள், ஒவ்வோர் இடத்திலும் 100 இடைமறிப்பு ஏவுகணைகளுக்கு மேல் கூடாது. 1974-ல் அது ஒரே இடமாகக் குறைந்தது. 2002-ல் அமெரிக்கா அதிலிருந்து விலகியது.

இதுவரை இரு தரப்பும் சரியாகத்தான் பார்க்கிறது என்று வைத்துக் கணக்குப் போட்டோம். தவறாகப் பார்த்தால் என்ன ஆகும்? கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணை வந்து சேர ஏறத்தாழ 30 நிமிடம். குழிகள் அழிவதற்குள் ஏவிவிட வேண்டும் என்று நினைக்கும் நாடு, எச்சரிக்கை வந்தவுடனேயே முடிவெடுக்க வேண்டியிருக்கும். 1983 செப்டம்பர் 26 அதிகாலை, மாஸ்கோவுக்குத் தெற்கே ஒரு கண்காணிப்பு மையத்தில் பணியிலிருந்த ஸ்தனிஸ்லாவ் பெட்ரோவுக்கு அமெரிக்காவிலிருந்து ஓர் ஏவுகணை கிளம்பிவிட்டதாகச் செயற்கைக்கோள் அறிவித்தது. அடுத்தடுத்து மேலும் நான்கு, ஆக ஐந்து. அவர் அதைப் பொய் எச்சரிக்கை என்று மேலே தெரிவித்தார். மேகங்களின் மேல்பட்டுத் தெறித்த சூரிய ஒளியைச் செயற்கைக்கோள் ஏவுகணை நெருப்பு என்று எடுத்துக்கொண்டது பிறகு தெரிந்தது. அவர் சொன்ன காரணங்களில் ஒன்று நம் தாளோடு ஒத்துப்போகிறது: போரைத் தொடங்குபவன் ஐந்து ஏவுகணையோடு தொடங்க மாட்டான். ஐந்தால் எதிரியின் பதிலடியை அழிக்க முடியாது. அடிக்க முடிவுசெய்தவன் மொத்தமாகத்தான் அடிப்பான்.

இந்தியாவைப் பற்றிக் கேட்டாலும் இதே சட்டகம் போதும். 1998 பொக்ரான் சோதனைகளுக்குப் பிறகு இந்தியா 'முதலில் பயன்படுத்த மாட்டோம்' என்றது. 2003 ஜனவரியில் வெளியிட்ட அணு ஆயுதக் கொள்கைச் சுருக்கத்திலும் அது இருக்கிறது. முதல் அடியை வாங்கத் தயார் என்று அறிவித்த நாட்டுக்கு, வாங்கிய பிறகு மிஞ்சுவதுதான் எல்லாமே. அரிஹந்த் நீர்மூழ்கிக் கப்பல் 2018-ல் முதல் தடுப்பாற்றல் ரோந்தை முடித்த செய்தியை இந்த வரியோடு இணைத்து எழுதினால், தகவலாக மட்டும் நிற்காமல் வாதமாகும்.

பதினைந்து மதிப்பெண் விடையில் கணக்கு முழுவதையும் எழுத இடம் இருக்காது. நான்கு வரி அட்டவணை போதும்: ஒரு குண்டு, மூன்று குண்டு, நீர்மூழ்கி, கேடயம், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஆ-வின் பதிலடியில் அ-வைச் சென்றடையக்கூடியது எத்தனை என்று. அதற்குக் கீழே 1972-ன் இரு ஒப்பந்தங்களில் எது எந்த வரியைக் கட்டுப்படுத்தியது, எதை விட்டுவிட்டது என்று எழுதுங்கள்.

பயிற்சிக்கு, குழியை அழிக்கும் வாய்ப்பை 80-லிருந்து 60 ஆக்கி முதல் இரண்டு கணக்குகளையும் மறுபடி போட்டுப் பாருங்கள். முதல் கணக்கில் மிஞ்சும் 20 என்பது 40 ஆகும். மூன்று குண்டுக் கணக்கில் 4 ஏவுகணை என்பது 16 ஆகும், அதாவது 48 குண்டுகள். குறி தப்பும் ஏவுகணைகளை வைத்திருந்த காலத்தில் குழிகளைப் பற்றி ஏன் அவ்வளவு பயம் இல்லை என்பது அந்த இரண்டு எண்களிலேயே தெரிந்துவிடும்.