அந்தச் சீட்டு யார் கையில்?

நாடகக் குழு ஒன்றுக்குப் பல வருடங்களாக நகைச்சுவை நாடகம் எழுதித் தருகிறேன். அந்த வேலையில் எனக்கு அதிகமாகக் கணக்குப் போட வைப்பது இரட்டையர் ஆள்மாறாட்டம்தான். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு பேருக்கு ஒரே முகம் இருந்தால் போதும், சிரிப்பு தானாக வந்துவிடும் என்று தோன்றும். முகம் பத்து நிமிடம்தான் தாங்கும். அதற்குப் பிறகு நாடகத்தை இழுத்துச் செல்வது, தவறான கைக்குப் போய்ச் சேர்ந்த பொருளும் சேதியும்தான்.

ஷேக்ஸ்பியர் இதைச் செய்திருக்கும் விதம் பாடமாகப் படிக்கத் தக்கது. ரோமானிய நாடகாசிரியர் பிளாட்டஸ் எழுதிய மூலக்கதையில் ஒரே ஒரு இரட்டையர் ஜோடி. அதை எடுத்து ‘காமெடி ஆஃப் எரர்ஸ்’ எழுதியபோது ஷேக்ஸ்பியர் அவர்களின் வேலைக்காரர்களையும் இரட்டையர்களாக்கினார். அதாவது, சேதி வாங்குபவன் மட்டுமல்ல, சேதி கொண்டுபோகிறவனும் இரண்டாகிவிட்டான். உள்ளூர் எஜமானன் கடனுக்காகப் பிடிபட்டு நிற்கிறான். கயிறு வாங்கிவரத் தன் வேலைக்காரனை ஏற்கெனவே அனுப்பியிருக்கிறான். இப்போது எதிரே வருபவன் வெளியூர்க்காரனின் வேலைக்காரன். அவனைத் தன் ஆள் என்று நினைத்து, வீட்டுக்கு ஓடிப்போய்ப் பணப்பை வாங்கிவா என்கிறான். பை வருகிறது, ஆனால் வெளியூர் எஜமானன் கைக்கு. பணத்துக்காகக் காத்திருப்பவன் முன் கயிற்றோடு வந்து நிற்கிறான் அவனுடைய சொந்த வேலைக்காரன். அவன் எந்தத் தப்பும் செய்யவில்லை. சொன்னதைச் செய்துவிட்டு உதை வாங்குகிறான்.

எங்கள் குழுவுக்கு நான் எழுதியது இவ்வளவு பெரியதல்ல. ஒரு தங்கும் விடுதியின் முன்கூடம், ஒரு மாலை, மூன்று கதவு. சண்டை போட்டுப் பிரிந்த இரட்டையர்கள். மற்றவன் வெளிநாட்டில் இருக்கிறான் என்று இருவரும் நம்புகிறார்கள். மூத்தவனுக்குக் கல்யாணம் பேசி முடிவாகியிருக்கிறது. மாமனாராகப் போகிறவரிடம் தனக்கு உடன்பிறந்தவர் யாருமில்லை என்று சொல்லிவைத்திருக்கிறான். அவருக்குத் தெரியாத ஒரு கடனும் அவனுக்கு உண்டு. இளையவன் வேலை தேடுபவன். அதே விடுதியில் ஒரு முதலாளி அவனை நேர்காணலுக்கு வரச் சொல்லியிருக்கிறார். புகைப்படத்தில் பார்த்ததோடு சரி, நேரில் பார்த்ததில்லை.

முதல் வாசிப்பில் எந்த நடிகரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “சார், இவன் ஏன் ‘நீங்கள் யார்?’ என்று கேட்டுவிடக் கூடாது?” இந்த வகை நாடகத்தின் உயிர்நிலையே அந்தக் கேள்விதான். ஒருவன் வாய்திறந்து கேட்டால் ஒரு நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். கேட்க விடாமல் தடுக்க இடையில் யாரையாவது நுழைப்பது, தொலைபேசியை ஒலிக்கவைப்பது எல்லாம் ஒருமுறை செல்லும். இரண்டாவது முறை பார்வையாளர் கண்டுபிடித்துவிடுவார். கேட்கவே தோன்றாதபடி அவன் மனதில் ஒரு விளக்கம் தயாராக இருக்க வேண்டும். அந்த விளக்கமும் அவனுடைய ஆசையிலிருந்தோ பயத்திலிருந்தோதான் வர வேண்டும்.

இளையவனுக்கு நான் கொடுத்த விளக்கம்: “இது நேர்காணலின் ஒரு பகுதி. என் நேர்மையைச் சோதிக்கிறார்கள்.” இது ஒன்று கிடைத்ததும் பாதி நாடகம் தானே எழுதிக்கொண்டது. யாரோ ஒரு தட்டார் வந்து மோதிரப் பெட்டியைக் கையில் வைத்துவிட்டுப் போகிறார், சோதனை. அறைப் பையன் பணக் கவர் கொண்டுவந்து நீட்டுகிறான், அதுவும் சோதனை. முன்பின் தெரியாத பெண் வந்து கண்கலங்குகிறாள், பெரிய சோதனை. நடப்பது விசித்திரமாக ஆக ஆக அவனுடைய நம்பிக்கை இறுகுகிறது. நல்ல விளக்கத்துக்கு அடையாளமே அதுதான். குழப்பம் கூடும்போது தளர்ந்துபோகிற விளக்கம் மேடையில் இடைவேளை வரைகூடத் தாங்காது.

மூத்தவனுக்குக் கடன் பயம். ஆகவே வேலை கொடுக்க வந்த முதலாளி அவனைப் பிடித்து உட்காரவைத்து, “இதுவரைக்கும் எவ்வளவு வாங்கிக்கிட்டிருந்தீங்க?” என்று சம்பளத்தைக் கேட்க, அவனுக்கு வியர்க்கிறது. “அதிகமில்லை சார். கொஞ்சம் கொஞ்சமாத் திருப்பிக் கொடுத்துடறேன்.” பழைய சம்பளத்தைத் திருப்பிக் கொடுக்கிறேன் என்கிற ஆளை அவர் அதற்கு முன் பார்த்ததே இல்லை. அசந்துபோகிறார்.

சேதி எழுதுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மணப்பெண் மூத்தவனுக்கு அனுப்பும் சீட்டு இளையவன் கைக்குப் போகிறது. அந்தச் சீட்டு இரண்டு பக்கமும் சரியாகப் பொருந்த வேண்டும். முதலில் நான் எழுதிப் பார்த்தது காதலி எழுதுவதுபோல ஒருமையில் இருந்தது. அதைப் படித்தால் எவனுக்கும் இது வேறு யாருக்கோ வந்தது என்று தெரிந்துவிடும். ‘அப்பா’ என்ற ஒரு சொல் போதும், நேர்காணல் கதை கலைந்துவிடும். இறுதியில் நின்றது இது: “சரியாக 6 மணிக்கு அவர் முன்கூடத்துக்கு வருவார். எல்லாவற்றையும் வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். அவருக்குத் தயக்கம் பிடிக்காது.” பெயர் இல்லை, உறவு இல்லை, மரியாதைப் பன்மை. பெண் அப்படி எழுத ஒரு காரணம் வேண்டுமே? முந்தைய காட்சியில் இருக்கிறது: இளையவன் அவளை “மேடம், நீங்கள் யாரென்று தெரியவில்லை” என்று சொல்லிவிட்டான். கோபத்தில் எழுதுகிறாள், அதனால்தான் ‘நீங்கள்’. அந்தக் காரணம் கிடைத்த பிறகுதான் சீட்டு எனக்குத் திருப்தியாக இருந்தது. எழுத்தாளரின் வசதிக்காகத் தெளிவில்லாமல் எழுதப்பட்ட சீட்டைப் பார்வையாளர் மோப்பம் பிடித்துவிடுவார்.

6 மணிக்கு மாமனார் வருகிறார். இளையவன் எழுந்து நின்று வணங்குகிறான்.

“எப்ப வெச்சுக்கலாம்?” என்கிறார் அவர்.

“நாளைக்கே சேர்ந்துடறேன் சார்.”

“நாளைக்கா? அதுக்குள்ள ஏற்பாடு…”

“மாசம் எவ்வளவு தருவீங்கன்னு மட்டும் சொல்லிடுங்க. ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு வேணும். மூணு மாசம் பார்த்துட்டுப் பிடிக்கலைன்னா நீங்களும் விட்டுடலாம், நானும் போயிடுவேன்.”

சீட்டில் சொன்னபடி வெளிப்படையாகப் பேசுகிறான், அவ்வளவுதான். பிறகு மோதிரப் பெட்டியை எடுத்து அவரிடமே நீட்டுகிறான்: “இதெல்லாம் எனக்கு வேண்டாம் சார். நான் அப்படிப்பட்டவன் இல்லை.” பெண்ணுக்கென்று செய்த மோதிரம் அப்பாவின் கைக்கே வந்துவிட்டது. அவர் அதைக் கல்யாணம் வேண்டாம் என்பதாக எடுத்துக்கொள்ளாமல் வேறு எப்படி எடுத்துக்கொள்வார்?

குழப்பம் ஏறுவது என்றால் எண்ணிக்கையில் ஏறுவதல்ல. ஒரே அளவுத் தவறு ஐந்து முறை நடந்தால் மூன்றாவதிலேயே சலிப்புத் தட்டும். ஒவ்வொரு தவறும் முந்தையதைவிட விலையுயர்ந்ததாக இருக்க வேண்டும். முதலில் சங்கடம், அடுத்து பணம், அடுத்து உறவு, கடைசியில் தட்டார் போலீஸைக் கூப்பிடப் போகும் நிலை. தட்டார் சொல்வதும் நியாயம்தான்: “என் கையால உங்க கையில குடுத்தேன்!” பொய் சொல்பவர் யாரும் இல்லாமல் இருவர் சட்டையைப் பிடித்துக்கொள்ளும் காட்சிக்காகத்தான் நான் இந்த வகை நாடகமே எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எழுதும்போது சுவரில் ஒரு பெரிய தாள் ஒட்டிவைப்பேன். நெடுக்கில் காட்சிகள், குறுக்கில் பொருள்கள்: மோதிரம், கவர், சீட்டு, அறைச் சாவி. ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு விஷயம் எழுதுவேன்: அது இப்போது யாரிடம் இருக்கிறது, யாரிடம் இருப்பதாக மற்றவர்கள் நினைக்கிறார்கள். இரண்டும் ஒன்றாகவே இருக்கிற கட்டம் வந்தால் அந்தக் காட்சியில் அந்தப் பொருளுக்கு வேலையில்லை. பணக் கவரை இளையவன் வரவேற்பு மேசையில் ஒப்படைத்து ரசீது வாங்கிவிடுகிறான் என்பதே இந்தத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது தோன்றியதுதான். சோதனைக்குப் பயந்தவன் ரசீது வாங்காமல் இருப்பானா?

பாத்திரங்கள் எவ்வளவு குழம்பினாலும் பார்வையாளர் ஒரு கணம்கூடக் குழம்பக் கூடாது. ஒத்திகைக்கு நாலு பேரை உட்காரவைத்தால் தெரிந்துவிடும்: வசனம் முடிந்து சற்றுத் தாமதித்துச் சிரிப்பு வந்தால், அவர்கள் ‘இவன் எவன்?’ என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று பொருள். எங்கள் நாடகத்தில் ஒரே நடிகர் இரண்டு வேடமும். கண்ணாடி, தொப்பி என்று அடையாளம் வைத்தால் மற்ற பாத்திரங்களும் கவனிக்க வேண்டியிருக்கும். நடையில் வைத்தோம். மூத்தவன் கடன்காரனைத் தேடியபடி தோளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டே வருவான். இளையவன் எங்கிருந்தோ யாரோ மதிப்பெண் போடுவதாக நினைத்து விறைத்து நடப்பான். ஒரு கதவால் போனவர் சுற்றிவந்து மறு கதவால் நுழைய நேரம் வேண்டும். அந்த இடைவெளியை அறைப் பையனும் வரவேற்பாளரும் பேசி நிரப்புகிறார்கள். அந்த வசனங்கள் இடத்தை அடைப்பதற்காக மட்டும் இருந்தால் நாடகம் தொய்யும். ஆகவே கவர் கைமாறும் சேதிகளையெல்லாம் அங்கேயே வைத்தேன்.

முடிவில் இருவரும் ஒரே நேரத்தில் முன்கூடத்தில் நிற்க வேண்டும். ஒரே நடிகர் என்பதால் ஒருவருக்கு முதுகைக் காட்டி நிற்கும் மாற்று ஆள். அந்தக் காட்சியில் புதிய தகவல் ஒன்றுகூட வரக் கூடாது என்பது என் பிடிவாதம். எதிர்பாராமல் வரும் தாத்தா, திடீர்க் கடிதம், எதுவும் வேண்டாம். இருவர் நிற்பதைப் பார்த்ததே போதும். ஒவ்வொரு முடிச்சும் ஒரு வரியில் அவிழ வேண்டும். தட்டார் ஒருவனை விட்டு இன்னொருவனைப் பார்க்கிறார்: “அப்ப நான் குடுத்தது…” இளையவன் ரசீதை நீட்டுகிறான், கவர் வருகிறது, தட்டார் கணக்கு தீர்ந்தது. மோதிரம் பெண்ணிடம் போகிறது. முதலாளி யாரைப் பேட்டி கண்டோம் என்று புரிந்து நெற்றியில் அடித்துக்கொள்கிறார். எழுதி முடித்த வரைவில் ஒரு முடிச்சை அவிழ்க்க நாலைந்து வரி விளக்கம் தேவைப்பட்டது: மாறிப்போன ஒரு பெட்டியும் அதற்குள் ஒரு சட்டையும். அவிழ்ப்பைச் சுருக்க முயலாமல் முடிச்சையே எடுத்தேன். அதனால் முதல் பாதியில் ஒரு நல்ல சிரிப்பு போனது. இயக்குநருக்கு இன்னும் வருத்தம்தான்.

ஆனால் தவறாகப் புரிந்துகொண்டவை எல்லாம் இருவரைப் பார்த்ததும் தீர்ந்துவிடும்; பொய் தீராது. தனக்குத் தம்பியே இல்லை என்று மூத்தவன் சொன்னது ஆள்மாறாட்டத்தால் வந்ததல்ல. இயக்குநர், அண்ணன் தம்பி கட்டிக்கொள்ளட்டும், விளக்கை அணைத்துவிடலாம் என்றார். எனக்கு அது பாக்கி வைத்த கணக்காகத் தெரிந்தது. மாமனார் கேட்க வேண்டும். தம்பி முன்னிலையிலேயே கேட்க வேண்டும். நீண்ட மன்னிப்பு வசனம் போட்டால் இவ்வளவு நேரம் கட்டிய வேகம் சாயும். ஆகவே அவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்கிறார்: “யாருமே இல்லைன்னீங்களே மாப்பிள்ளை, இன்னும் எத்தனை பேர் இல்லாம இருக்காங்க?” மூத்தவன் வாயைத் திறப்பதற்குள் இளையவன் விறைத்து நின்று பதில் சொல்கிறான்: “நான் ஒருத்தன்தான் சார். சேரச் சொன்னா நாளைக்கே சேர்ந்துடறேன்.”