கதவுப் பலகையில் தமிழ்: எழுத்தை அழித்த இடம்தான் பாடாய்ப் படுத்தியது

ஆங்கிலத்தில் எழுதிய ஒரு கதவுப் பலகையின் படத்தை நிரல் எழுதித் தமிழாக்கும் வேலை, நாலு வார இறுதிகள் போனபின் ஒருவழியாகக் கண்ணை உறுத்தாமல் வந்திருக்கிறது. முழுதாக முடியவில்லை, ஒரு மூலை பாக்கி. ஆனால் இதுவரை செய்ததை எழுதி வைக்காவிட்டால் எந்த எண்ணை எதற்கு வைத்தேன் என்பதே மறந்துவிடும்.

சாம்பல் நிறப் பெயின்ட் அடித்த தகடு. அதில் கறுப்பில் நாலு வரி ஆங்கிலம்: கீப் / திஸ் டோர் / க்ளோஸ்டு / அட் ஆல் டைம்ஸ். எல்லாம் கேப்பிடல் எழுத்து. மேலே வலப்புறத்திலிருந்து ஒரு நிழல் சாய்வாக இறங்கி மூன்றாவது வரியைக் குறுக்கே வெட்டுகிறது. அதே படத்தில், அதே இடத்தில், 'இந்தக் கதவை எப்போதும் மூடியே வையுங்கள்' என்று வர வேண்டும். முதலிலேயே தமிழில் எழுதி மாட்டிய பலகை போல இருக்க வேண்டும். நாலு மூலையைக் குறித்துப் பலகையை நேராக்குவது, எழுத்து இருக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பது எல்லாம் எல்லோரும் செய்வதுதான், அதை விட்டுவிடுகிறேன். நேராக்கியபின் பலகை 1200 × 900 பிக்சல். எழுத்தின் உயரம் 96, கோட்டின் தடிமன் 17, வரிக்கு வரி 150.

ஆரம்பத்தில் நான் போட்ட கணக்கே தப்பு. பழைய எழுத்தைச் சுமாராக அழித்தால் போதும், புது எழுத்து மேலே வந்து மறைத்துவிடும் என்று நினைத்தேன். மறைக்காது. ஆங்கில வாக்கியத்தில் முதலில் வரும் 'கீப்' தமிழில் கடைசியில் 'வையுங்கள்' ஆகிவிடுகிறது. அதனால் வரிக்கு வரி மொழிபெயர்த்து அதே இடத்தில் வைக்க வழியில்லை. நாலு வரியையும் ஒரே வாக்கியமாக எடுத்து, அந்தக் கட்டம் முழுவதிலும் புதிதாக வரி பிரிக்க வேண்டும். அப்படிப் பிரித்ததும் தமிழ் மூன்றே வரிதான் வந்தது. புது வரிகளின் இடைவெளியில் பழைய எழுத்தின் பாதி உடம்பு வந்து நிற்கிறது. மறைவிடம் இல்லாததால் அழித்த இடம் அழித்தது தெரியாமல் இருந்தே ஆக வேண்டும்.

மூன்று வார இறுதிகளைத் தின்றது இந்த ஒரு வேலைதான்.

முதல் முயற்சியில் கறுப்பு பிக்சல்களை மட்டும் பிரித்து, எந்த இடத்தை அழிக்க வேண்டும் என்று காட்டும் மாஸ்க் எடுத்து, அந்த இடத்தைச் சுற்றியுள்ள நிறத்தால் நிரப்பினேன். எழுத்து போய்விட்டது, ஆனால் அதன் விளிம்பு மட்டும் பென்சிலில் வரைந்தது போல நின்றது. எழுத்தின் ஓரத்தில் கறுப்பும் சாம்பலும் கலந்த பிக்சல்கள் இரண்டு மூன்று இருக்கும், அவை மாஸ்க்கில் விழவே இல்லை. அது தவிர, ஜேபெக் படத்தை 8 × 8 கட்டங்களாக வெட்டிச் சுருக்குவதால், அழுத்தமான விளிம்புக்குப் பக்கத்தில் அந்தக் கட்டம் முழுக்க மெல்லிய அலை பரவியிருக்கும். வெறும் கண்ணுக்கு அது தெரியாது. ஆனால் நிரப்பும் நிரல் மாஸ்க்கின் ஓரத்தில் இருக்கும் பிக்சல்களைப் பார்த்துத்தான் உள்ளே நிறத்தை இழுக்கிறது. ஓரத்தில் அழுக்கு இருந்தால் அந்த அழுக்கைத்தான் உள்ளே பூசும். மாஸ்க்கை 3 பிக்சல் விரித்துப் பார்த்தேன், பென்சில் கோடு மங்கியது, போகவில்லை. 8 விரித்ததும் போயிற்று:

```python
k = cv2.getStructuringElement(cv2.MORPH_ELLIPSE, (17, 17))
m = cv2.dilate(mask, k)
clean = cv2.inpaint(img, m, 5, cv2.INPAINT_TELEA)
```

17 என்பது முழு அகலம், நடுப் பிக்சலிலிருந்து பக்கத்துக்கு 8. சரியாகப் போயிற்றா என்று பார்க்க, அழித்த படத்தின் காண்ட்ராஸ்டை நாலு மடங்கு ஏற்றிப் பாருங்கள். சாதாரணமாகப் பார்க்கும்போது சுத்தமாகத் தெரிந்த படத்தில் பழைய எழுத்து பளிச்சென்று எழுந்து நிற்கும். இந்தச் சோதனையைச் செய்யாமல் நான் அடுத்த கட்டத்துக்குப் போவதே இல்லை.

அதற்கப்புறமும் நண்பர் ஒருவரிடம் அழித்த படத்தை மட்டும் காட்டினால், "க்ளோஸ்டுன்னு போட்டிருந்துச்சா?" என்று கேட்டார். நிறம் சரிதான், விளிம்பும் இல்லை. ஆனாலும் படித்துவிட்டார். ஐந்து நிமிடம் உற்றுப் பார்த்தபின்தான் எனக்குக் காரணம் தெரிந்தது. பலகை முழுக்க கேமராவின் நாய்ஸ், பொடிப் பொடியாக. நிரப்பிய இடம் மட்டும் வழுவழுவென்று இருந்தது. எழுத்தின் வடிவத்திலேயே வழுவழுப்பு, அதைத்தான் அவர் படித்திருக்கிறார்.

சரி, நாய்ஸைச் சேர்த்துவிடலாம் என்று ரேண்டம் எண்களைத் தூவினேன். அதுவும் ஒட்டவில்லை, உப்பைத் தூவியது போல இருந்தது. நிஜப் படத்தின் நாய்ஸ் பிக்சலுக்குப் பிக்சல் தனித்தனியாக இருப்பதில்லை. கேமராவுக்குள் நடக்கும் வேலைகளாலும் ஜேபெக்காலும் பக்கத்துப் பிக்சல்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டி, சின்னச் சின்னத் திட்டாக இருக்கும். அதைக் கணக்குப் போட்டு உருவாக்குவதைவிடப் படத்திலிருந்தே எடுப்பது சுலபம். பலகையின் கீழ்ப்பக்கம் எழுத்தில்லாத ஒரு பட்டையை எடுத்து, அதை மங்கலாக்கி, மூலத்திலிருந்து கழித்தேன். மிஞ்சுவது நாய்ஸ் மட்டும். அதை நிரப்பிய இடத்தில் கூட்டினேன். அவ்வளவுதான், எழுத்து மறைந்தது. அதே நண்பரிடம் மறுபடி காட்டினேன், இந்த முறை வெறும் தகடு என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக மூன்று வார இறுதிகள் போனதில் எனக்கு வருத்தமே இல்லை.

எழுத்துருவுக்கு வருகிறேன். தமிழில் கேப்பிடல் கிடையாது என்பதால் 96 பிக்சல் உயரத்தை எதற்குச் சமமாக வைப்பது என்பதே கேள்வி. 'ப' என்ற எழுத்தின் உடம்பை 96 ஆக வைத்தால், மேலே புள்ளியும் கொக்கியும், கீழே உகர வாலும் போய் அடுத்த வரியை இடிக்கும். ஒவ்வோர் எழுத்தும் அகலம் வேறு. ஏற்றி இறக்கிப் பார்த்து, உடம்பு 70 பிக்சலில் நின்றேன்.

தடிமனில் இன்னொரு சிக்கல். மூலத்தில் 96-க்கு 17, அதாவது ஏறக்குறைய 0.18. அதே விகிதத்தில் 70-க்கு 12 அல்லது 13 வருகிறது. 17-ஐ அப்படியே வைத்தால் 'ங்', 'ள்' எல்லாம் உள்ளே அடைத்துக்கொண்டு, தூரத்திலிருந்து கறுப்புப் பொட்டாகிவிடுகின்றன. விகிதத்தைத்தான் பிடிக்க வேண்டும் என்பது என் முடிவு. பழைய எழுத்தின் தடிமனைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள். ஒவ்வொரு பிக்சலும் விளிம்பிலிருந்து எவ்வளவு தூரம் என்று சொல்லும் `cv2.distanceTransform`-ஐ மாஸ்க்கில் ஓட்டி, கோட்டின் நடுவில் கிடைக்கும் மதிப்பை இரட்டித்தால் போதும். மூலம் தொங்கல் கொம்பு எதுவும் இல்லாத நேர்க்கோட்டு எழுத்து, அதனால் நோட்டோ சான்ஸ் தமிழ் எடுத்தேன். ஒரே கோப்பில் தடிமனையும் அகலத்தையும் தனித்தனியாக நகர்த்தலாம், உரிமமும் திறந்தது. இந்த வேலைக்கு இப்படி நகர்த்தக்கூடிய எழுத்துரு இல்லாமல் உட்கார வேண்டாம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பைத்தானின் பட நூலகமான பில்லோவில் எழுதும்போது, தமிழ் எழுத்தின் உறுப்புகளைச் சரியான இடத்தில் வைக்கும் ராக்ம் நூலகம் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள். `features.check("raqm")` பொய் என்று சொன்னால், கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் உட்காரும். 'வையுங்கள்' வரும் இடத்தில் வகரத்துக்குப் பின்னால் ஐகாரக் கொம்பு நின்றது. எழுத்துருவில்தான் கோளாறு என்று நினைத்து ஒரு மாலை முழுக்க நாலு எழுத்துரு மாற்றிப் பார்த்தேன், எல்லாவற்றிலும் அதேதான்.

வரி பிரிப்பதை முதலில் சாதாரணமாக எடுத்துக்கொண்டேன். ஐந்து சொல், நடுவில் நாலு இடைவெளி. ஒவ்வொன்றிலும் வெட்டலாம் அல்லது விடலாம் என்றால் மொத்தம் 16 வழிதான், அத்தனையும் போட்டுப் பார்த்துவிடலாம். அகலம் 860-ஐத் தாண்டாமல் எந்த வழியில் எழுத்து பெரிதாக வருகிறதோ அதை எடு என்று எழுதினேன். அது கொடுத்தது:

இந்தக்
கதவை
எப்போதும்
மூடியே
வையுங்கள்

அளவு பெரிதுதான். ஆனால் ஐந்து வரியையும் உயரத்துக்குள் அடைக்க முடியாது. அதைவிட மோசம், 'இந்தக்' என்று வரி முடிவது. அந்த க் அடுத்த சொல்லுக்காக வந்த ஒற்று. வரி அங்கே உடைந்தால் வாய் பாதியில் நிற்கிறது. அதனால் உயரத்துக்கு ஒரு வரம்பு வைத்து, க், ச், த், ப் என்று முடியும் சொல்லுக்குப் பின் வெட்டினால் பெரிய அபராதம் போட்டேன். 'மூடியே வையுங்கள்' ஒரே வினை, அதைப் பிரித்தாலும் சின்ன அபராதம். இப்போது இப்படி வந்தது:

இந்தக் கதவை
எப்போதும்
மூடியே வையுங்கள்

மூன்றாம் வரி 70 அளவில் 950 தாண்டியது. எழுத்தைச் சிறிதாக்கினால் பலகையே கெஞ்சுவது போல் ஆகிவிடுகிறது. அகல அச்சை 100-இலிருந்து 85-க்குக் குறைத்ததும் உள்ளே வந்தது. படத்தைப் பக்கவாட்டில் அமுக்கிக் குறுக்கினால் நெடுக்குக் கோடுகள் மட்டும் மெலிந்துபோகும், எழுத்துருவின் அச்சில் குறுக்கினால் தடிமன் அவ்வளவாகக் கெடாது. நடு வரி சிறியது, ஆனால் மூலத்திலும் வரிகள் சமமாக இல்லை, நடுவில் நிறுத்தியதும் பொருந்திவிட்டது.

நிறத்துக்குப் பழைய எழுத்தையே கேட்டுக்கொண்டேன், அழிப்பதற்கு முன்பே. கறுப்பு என்று கண்ணுக்குத் தெரிந்தது வெளிச்சத்தில் 52, நிழலில் 33. முழுக் கறுப்பான 0 வைத்து எழுதினால் எழுத்து பலகையை விட்டு முன்னால் மிதக்கிறது. விளிம்பையும் கொஞ்சம் மங்கலாக்க வேண்டும். நாலு மடங்கு பெரிதாக எழுதிச் சுருக்கி, அதன்மேல் 1.1 சிக்மாவுக்கு மங்கலாக்கினேன். எழுத்து அடுக்கையும் ஒட்டுப்போட்ட இடத்தையும் மட்டும் சாய்வுக்குத் திருப்பிப் போட்டேன். முழுப் பலகையையும் நேராக்கித் திருப்பினால் பெயின்டின் கீறல்கூட மழுங்கிவிடுகிறது.

அடுத்து ஒரு ஜாடி லேபிள் எடுத்து வைத்திருக்கிறேன், வளைந்த பரப்பு. நாலு மூலைக் கணக்கு அங்கே செல்லாது, அதைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

அதற்கு முன் இந்த நிழல். 'க்ளோஸ்டு' இருந்த இடத்தில் நிழலின் விளிம்பு நிரப்பலுக்குப் பின் அலை அலையாக நெளிந்தது. நிழலின் கோட்டைக் கையால் வரைந்து, மூலத்தில் அளந்த 22 பிக்சல் அகலத்துக்கு மங்கலாக்கி ஒரு நிழல் வரைபடம் செய்தேன். படத்தை அதனால் வகுத்தால் பலகை சமவெளிச்சமாகிவிடும். அங்கே நிரப்பிவிட்டு மறுபடி பெருக்கினால் நிழல் நேராகத் திரும்பி வருகிறது. இடப்பக்கம் அருமையாக ஒட்டிவிட்டது. வலப்பக்க மூலையில் நிழல் லேசாக வளைகிறது, என் கோடு நேராகப் போகிறது. அந்த இடத்தில் பழைய 'டி'யின் வயிறு இன்னும் மங்கலாகத் தெரிகிறது. வரும் சனிக்கிழமை அந்தக் கோட்டை மூன்று துண்டாக உடைத்து வரையப் போகிறேன்.