தோட்டச் சுவரும் அது குடித்த தண்ணீரும்

3 மீட்டர் நீளம், 90 செ.மீ. உயரம், ஒரு கல் கனத்தில் ஒரு தோட்டச் சுவர். மொத்தம் சுமார் 320 செங்கற்கள். பூசாமல் கல் தெரியும்படி விடப்போகிற சுவர், மழையும் நேராகப் படும், அதனால் கலவை ஒரு பங்கு சிமெண்டுக்கு ஐந்து பங்கு மணல் என்று வைத்துக்கொண்டேன். நூல் பிடிப்பது, ரசமட்டம் பார்ப்பது எல்லாம் ஓரளவு கைக்கு வந்திருந்தது. சுவர் பாழானதும் திரும்ப எழுந்ததும் தண்ணீர் விஷயத்தில்தான். அதை மட்டும் விரிவாக எழுதி வைக்கிறேன்.

முதல் நாள்

நல்ல வெயில். அடுக்கிலிருந்து கல்லை எடுத்தேன், தூசியைத் தட்டினேன், வைத்தேன். கல்லை நனைக்க வேண்டும் என்று தெரியும், ஆனால் மேலே கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் போதும் என்று நினைத்துவிட்டேன். இரண்டாவது வரியிலேயே ஏதோ சரியில்லை என்று பட்டது. கல்லை வைத்து அரை நிமிடம் கழித்து நூலுக்கு நேராக்கலாம் என்று கரண்டிக் காம்பால் தட்டினால் கல் நகரவே இல்லை. இவ்வளவு சீக்கிரம் பிடித்துக்கொண்டதே என்று சந்தோஷப்பட்டு நான்கு வரி கட்டிவிட்டேன்.

மறுநாள் காலை மேல் வரியில் ஒரு கல்லைப் பிடித்து லேசாக அசைத்தேன். கையோடு வந்துவிட்டது. கல்லின் அடிப்பக்கம் ஏறக்குறையச் சுத்தமாக இருந்தது. அங்கங்கே நாலு மணல் பொட்டு, அவ்வளவுதான். கலவை முழுவதும் கீழ்க் கல்லின் மேல் ஒரு தகடு மாதிரி தனியாக உட்கார்ந்திருந்தது. சந்தில் ஆணியால் கீறினால் ஒரு செ.மீ. ஆழத்துக்கு மணல் உதிர்ந்தது. விரலால் தேய்த்தாலே மாவு ஒட்டியது. இதில் கவனிக்க வேண்டிய ஒன்று, பிற்பகல் வெயில் பட்ட பக்கத்துச் சந்துகள்தான் மிக மோசம். அதே கல், அதே கலவை, ஆனால் நிழல் பக்கம் ஆணி பாதி ஆழம்கூட இறங்கவில்லை.

காரணம் இதுதான். கலவை காய்வது வேறு, இறுகுவது வேறு. சிமெண்ட் தண்ணீரோடு வினைபுரிந்துதான் கல்லாகிறது. அந்த வேலை பல நாள் நடக்கிறது. அது நடக்கிற வரைக்கும் தண்ணீர் உள்ளே இருக்க வேண்டும். காய்ந்த செங்கல்லில் இருக்கிற நுண்துளைகள் கலவையில் உள்ள தண்ணீரைக் கீழும் மேலும் உறிஞ்சிவிடுகின்றன, மீதியை வெயிலும் காற்றும் எடுத்துக்கொள்கின்றன. கல் நகரவில்லையே என்று நான் சந்தோஷப்பட்டது பிடிப்பு அல்ல, தண்ணீர் இழந்த கலவையின் விறைப்பு. முதலில் கலவை பட்ட கீழ்க் கல் தண்ணீரை இழுத்துக்கொண்டதால், மேல் கல் வருவதற்குள் அதன் துளைகளுக்குள் நுழைய ஈரமான சிமெண்ட் பால் மிஞ்சவில்லை. பின்னால் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் கலவைக்குக் கொஞ்சம் உரம் திரும்பலாம், விட்டுப்போன ஒட்டு திரும்பாது. நான்கு வரியையும் பிரித்தேன். சுத்தம் செய்ய உளியே தேவைப்படவில்லை.

சொட்டுச் சோதனை

கல் எவ்வளவு தண்ணீர் இழுக்கும் என்பதைக் களத்திலேயே பார்க்க ஒரு எளிய வழி இருக்கிறது. கல்லின் பரந்த முகத்தில், கலவை படுகிற பக்கத்தில், சுமார் 25 மி.மீ. விட்டமுள்ள ஒரு நாணயத்தை வைத்து மெழுகுப் பென்சிலால் வட்டம் போட வேண்டும். வட்டத்துக்குள் சொட்டுக் குழாயால் 20 சொட்டுத் தண்ணீர். ஒன்றரை நிமிடத்துக்குள் தண்ணீர் மறைந்துவிட்டால் அந்தக் கல்லை நனைத்துத்தான் வைக்க வேண்டும். அதைவிட நேரம் நின்றால் நனைக்காமலே வைக்கலாம்.

நிழலில் வைத்து பத்துக் கற்களைப் பார்த்தேன். ஒரே அடுக்கில் இரண்டு விதம் இருந்தது. வெளிர் ஆரஞ்சு நிறக் கற்களில் 30 முதல் 40 வினாடியில் தண்ணீர் போய்விட்டது. நன்றாக வெந்து கருஞ்சிவப்பாக இருந்தவற்றில் இரண்டு நிமிடம் தாண்டியும் பளபளவென்று நின்றது. இரண்டையும் தட்டிப் பார்த்தால் சத்தமே வேறு. அன்றே அடுக்கைப் பிரித்து இரண்டாக வைத்துவிட்டேன். வெந்த கற்களை நனைத்தால் அதுவே கெடுதல் என்பது அடுத்த முறை தெரிந்தது.

ஒரு விஷயம், இதெல்லாம் சுட்ட மண் கல்லுக்குத்தான். சிமெண்ட் பிளாக்கை இப்படி ஊறவைக்கக் கூடாது. அது ஈரத்தில் லேசாக விரிந்து, காயும்போது சுருங்கிச் சுவரில் விரிசல் விடும்.

நான்காம் நாள்

முதல் தடவை தண்ணீர் போதவில்லை என்பதால் இந்த முறை டிரம்மில் இரவு முழுவதும் எல்லாக் கல்லையும் ஊறப்போட்டேன். பிரித்து வைத்த வெந்த கற்களையும் சேர்த்துப் போட்டதுதான் தப்பு. சொட்டச் சொட்ட எடுத்து வைத்தேன். கல் கலவையின் மேல் மிதந்தது. ஒரு முனையைத் தட்டினால் மறுமுனை எழும்பியது. அடுத்த வரியின் கனம் ஏறினதும் கீழ்ச் சந்திலிருந்து கலவை பிதுங்கி, சாம்பல் நிறத் தண்ணீர் கல்லின் முகத்தில் வழிந்தது. மூன்று வரி முடித்து ரசமட்டம் வைத்தால் நடுவில் 6 மி.மீ. வெளியே தள்ளியிருந்தது.

பக்கத்தில் வேலையாக இருந்த ஒரு வயதான கொத்தனார் வந்து பார்த்தார். ஒரு கல்லை எடுத்துப் புரட்டிவிட்டுச் சொன்னார், "தம்பி, கல்லு தண்ணி குடிச்சிருக்கணும். ஆனா அதோட மேலு காஞ்சிருக்கணும். உள்ளங்கைய வச்சுப் பாரு, கை நனைஞ்சா இன்னும் நேரம் ஆகல." நனைந்த கல்லின் துளைகள் நிரம்பியிருப்பதால் சிமெண்ட் பால் உள்ளே போக இடமில்லை, மேலே நிற்கிற தண்ணீர்ப் படலம் நடுவில் எண்ணெய் மாதிரி வழுக்குகிறது. அவர் சொன்ன உள்ளங்கை அளவுக்கு மேல் எனக்கு வேறு அளவுகோல் தேவைப்படவில்லை.

அதற்கப்புறம் செய்த முறை இது. கட்டுவதற்கு முந்தின நாள் மாலை, வெளிர் கற்களை மட்டும் டிரம்மில் போட்டு, குமிழி வருவது நிற்கும் வரை விட்டேன். எடுத்து நிழலில், காற்றுப் போக இடைவெளி விட்டு, பக்கவாட்டில் நிறுத்தினேன். காலையில் மினுமினுப்புப் போய், தொட்டால் குளிர்ச்சியாக, ஆனால் கை நனையாமல் இருந்தது. சந்தேகத்துக்கு ஒரு கல்லை உடைத்துப் பார்த்தேன். நடுவில் நல்ல கரும் ஈரம். விளிம்பை ஒட்டி நகக்கண் அகலத்துக்கு ஒரு வெளிர் வளையம். அந்த வளையம்தான் கலவையைப் பிடிக்கப்போகிற இடம்.

கலவைச் சட்டியை நிழலில் வைத்து ஈரச் சாக்கால் மூடினேன். கலவையை ஒரே நீட்டாக விரித்துவிட்டுக் கல் தேடுவதை விட்டுவிட்டேன். மூன்று கல்லுக்குப் போதுமானதை மட்டும் விரித்து உடனே வைத்தேன். வெயில் கடுமையாக இருக்கும்போது விரித்த ஒரு நிமிடத்துக்குள் கல் வந்துவிட வேண்டும். கலந்த கலவை கெட்டியானால் முதல் இரண்டு மணி நேரத்துக்குள் கொஞ்சம் தண்ணீர் சேர்த்துக் கிளறலாம். அதற்குப் பிறகு மீதி எதுவானாலும் கொட்டிவிட வேண்டும்.

இந்த முறை ஒரு கல்லை வைத்த கையோடு தூக்கிப் பார்த்தேன். அடிப்பக்கம் முழுக்கக் கலவை அப்பியிருந்தது. அந்த ஒரு நிமிடம் எனக்கு அவ்வளவு நிம்மதி.

வெயிலுக்கு மறைப்பு

ஒரு நாளுக்கு ஆறு வரிக்கு மேல் போகவில்லை. கட்டி முடித்ததும் கட்டை விரலால் சந்தை அழுத்தினால் தடம் பதியாத அளவு வந்தபின், வெயில் பக்கத்தில் நனைத்த சாக்கைத் தொங்கவிட்டேன். அன்றைக்கே குழாயை நேராகப் பிடித்து அடிக்கக் கூடாது, சிமெண்ட் கழன்று வழியும். மறுநாளிலிருந்து பூவாளியால் மெதுவாக, ஏழு நாள். சாக்கு நண்பகலுக்குள் மொறமொறவென்று காய்ந்துவிடுகிறது. காய்ந்த சாக்கு சுவரின் ஈரத்தைத் தானே இழுக்கும். அதனால் காலை, நண்பகல், மாலை என்று மூன்று வேளையும் நனைத்தேன். ஒரு வேளை நிறைய ஊற்றிவிட்டு மறுவேளை காயவிடுவதைவிட, எப்போதும் இலேசான ஈரம் இருப்பதுதான் கலவைக்கு நல்லது.

ஒன்பதாம் நாள், மழை

மேல் ஆறு வரி மாலையில் முடிந்தது. மேகம் கூடியிருந்தது. பாலிதீன் ஷீட்டைச் சுவரின் தலையில் விரித்து, பறக்காமல் இருக்க மேலே கற்களை வைத்துவிட்டு வந்தேன். இரவு மழை கொட்டியது. காற்று ஒரு மூலையைப் புரட்டிவிட்டது. காலையில் போய்ப் பார்த்தால் சுமார் ஒரு மீட்டர் நீளம் திறந்து கிடந்தது.

அந்த இடத்தில் மேல் வரியின் செங்குத்துச் சந்துகள் குழிந்து, சிமெண்ட் கழுவப்பட்டு மணல் மட்டும் துருத்திக்கொண்டிருந்தது. முகத்தில் சாம்பல் கோடுகள். ஆணியை அழுத்தினேன், மேல் இரண்டு வரியில் சுலபமாக இறங்கியது, மூன்றாவதில் இறங்கவில்லை. அந்த ஒரு மீட்டருக்கு இரண்டு வரியை மட்டும் எடுத்துத் திரும்பக் கட்டினேன். எங்கே ஆணி நிற்கிறதோ அங்கே பிரிப்பதை நிறுத்தலாம் என்பது என் கணக்கு. இன்னொன்று, ஏறி நிற்கப் போட்டிருந்த பலகை சுவரை ஒட்டியே கிடந்ததால் அதில் விழுந்த மழை கலவைச் சேற்றோடு தெறித்து, நல்ல வரிகளிலும் கறை ஏற்றியிருந்தது. இப்போது வேலை முடிந்ததும் பலகையைச் சுவரிலிருந்து விலக்கிவிடுகிறேன்.

கற்களின் அடுக்கும் மழையில் நனைந்து, நான்காம் நாள் கதை மாதிரி ஊறிப்போயிருந்தது. காய ஒரு நாள் காத்திருந்தேன். சுவருக்கு மூடி போடும் அன்று அடுக்குக்கும் மூடி போட வேண்டும், மணலுக்கும்தான். ஈர மணல் என்றால் கலவையில் தண்ணீரைக் குறைக்க வேண்டி வரும்.

மூடும் முறையை மாற்றினேன். ஷீட் தலையின் இரு பக்கமும் 60 செ.மீ. இறங்கித் தொங்க வேண்டும். கனம் தலையில் மட்டும் போதாது, கீழ் விளிம்புகளைப் பலகையில் சுருட்டிக் கயிற்றால் இரு பக்கத்தையும் சேர்த்துக் கட்டினேன். சுவரின் முகத்துக்கும் ஷீட்டுக்கும் நடுவில் மெல்லிய ரீப்பர்களைச் சாய்த்து வைத்ததால் ஒட்டாமல் நின்றது, இரண்டு முனையும் காற்றுக்குத் திறந்திருந்தது. ஒருமுறை முனைகளையும் இறுக்கி மூடிப் பார்த்தேன். வெயில் வந்ததும் உள்ளே வேர்த்து, சொட்டுகள் முகத்தில் வழிந்து வெள்ளைக் கோடு போட்டன.

இருபத்தெட்டாம் நாள்

சந்து எதிலும் ஆணி இறங்கவில்லை, கீறினால் கோடுதான் விழுகிறது. மழை புகுந்த அந்த ஒரு மீட்டரில் மட்டும் உப்பு பூத்திருக்கிறது. உள்ளே போன தண்ணீர் உப்பைக் கரைத்து, காயும்போது முகத்துக்குக் கொண்டுவந்து விட்டுவிட்டது. தண்ணீர் விட்டுக் கழுவினால் கரைந்து திரும்ப உள்ளே போகும் என்பதால், வறண்ட நாளில் காய்ந்த பிரஷால் தேய்த்துத் துடைத்து எடுக்கிறேன். இரண்டு முறை தேய்த்ததில் பாதி குறைந்திருக்கிறது. அது முழுவதும் நிற்கும் வரை தலைக்கல் வைக்காமல், மழை வரும்போது மட்டும் ஷீட்டைப் போட்டு வருகிறேன்.